கலருக்கு முன் 5 செ.மீ., பன்னிரண்டாம் நாள் 2.5 செ.மீ.: பழைய பிளீச் நுனியை வெட்டிய கணக்கு

முதலில் வந்த வாடிக்கையாளரின் தலை எப்படி இருந்தது என்று பார்ப்போம். பின்கழுத்து வேரிலிருந்து அளந்தால் முடி 52 செ.மீ. நீளம். இயற்கை நிறம் கறுப்பு. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் நரை. 14 மாதங்களுக்கு முன் கீழ்ப்பாதியை பிளீச் செய்து, நுனி நோக்கி வெளிர்ந்துகொண்டே போகும் பலயாஜ் போட்டிருக்கிறார்கள். அது பிடிக்காமல் போனதும் டப்பாவில் வரும் பிரவுன் டை வாங்கி, ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனி வரை இழுத்துப் பூசியிருக்கிறார்கள். கடைசியாகப் பூசி 10 வாரம் ஆகிறது. கேட்டது இரண்டு: முழுத் தலையும் ஒரே அடர் பிரவுனாக வேண்டும், நீளத்தில் 8 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது.

இப்படி வரும் தலையை ஒரே முடியாக நினைத்தால் வேலை கெடும். உச்சியிலிருந்து கீழே சீவிக்கொண்டே போனால் மூன்று முடிகள் கைக்குத் தட்டுப்படும். வேரிலிருந்து சுமார் 3 செ.மீ. புதிதாக வளர்ந்த, எதுவும் படாத முடி. அதற்குக் கீழே 29 செ.மீ. டை மட்டும் பட்ட முடி. கடைசி 20 செ.மீ. பிளீச்சும் பட்டு, அதன்மேல் நாலைந்து முறை டையும் பட்டு, எல்லாம் வெளுத்து, செம்பு கலந்த மஞ்சளாகக் கிடக்கும் முடி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 செ.மீ. வளரும் என்ற கணக்கை வைத்து இதைச் சரிபார்க்கலாம். 10 வாரத்துக்கு 3 செ.மீ. வருகிறது. 14 மாதத்துக்கு 17.5 செ.மீ. பலயாஜ் போட்டபோது வேரிலிருந்து 14 செ.மீ. தள்ளித் தொடங்கியிருந்தால் இன்று அந்த எல்லை 31.5 செ.மீ.யில் இருக்க வேண்டும். கையில் தட்டுப்பட்டதும் 32 தான். வாடிக்கையாளர் சொல்லும் தேதி தவறாக இருக்கலாம், சில சமயம் பிளீச் போட்டதையே சொல்ல மறந்துவிடுவார்கள். அதனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வெட்டு இரண்டு தடவையாகப் பிரிகிறது. கலருக்கு முன் ஒன்று, கலருக்குப் பிறகு மூன்று நான்கு தலைக்குளியல் கழித்து ஒன்று. முதல் வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதை முடி தண்ணீரை உறிஞ்சும் வேகமும் இழுத்தால் காட்டும் பலமும் சொல்லும். இரண்டாவது வெட்டு எங்கே என்பதை வெள்ளைப் புள்ளிகள் சொல்லும்.

முதல் நாள்: பார்ப்பதும் முதல் வெட்டும்

முந்தைய நாள் சாதாரண ஷாம்பு போட்டு, கண்டிஷனரும் சீரமும் எண்ணெயும் வைக்காமல் காயவிட்டு வரச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு சீரம் இருந்தாலும் நுனி நல்ல முடி போல நடிக்கும். கலர் ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் பூசிப் பார்க்கும் சோதனையை 48 மணி நேரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். வருடக்கணக்காக டை போடுகிறவர்களுக்கும் இது தேவை, ஒவ்வாமை எந்த முறையும் புதிதாக வரலாம்.

ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து ஒரு விரல் அகல முடியில் மேலிருந்து கீழ் வரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். புதிய முடியின்மேல் நீர் முத்து முத்தாக நிற்கும். டை மட்டும் பட்ட பகுதியில் கொஞ்சம் நின்று பிறகு பரவும். இந்தத் தலையில் கடைசி 15 செ.மீ.யில் நீர் பட்டதும் மறைந்தது, முடி அந்த நொடியே கறுத்து நனைந்தது. நீரைக் குடிக்கிற வேகத்தில்தான் அது கலரையும் குடிக்கும். அதே வேகத்தில் கலரைக் கக்கவும் செய்யும். நுனி முதலில் மற்ற இடத்தைவிடக் கறுப்பாகி, இரண்டே வாரத்தில் வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. நனைந்த முடியில் நாலைந்து இழையை எடுத்து 10 செ.மீ. இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். நல்ல முடி 12, 13 செ.மீ. வரை நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். இங்கே பிளீச் பகுதியின் மேல் பாதி அப்படித் திரும்பியது. கடைசி 5, 6 செ.மீ. சூயிங்கம் போல நீண்டு அப்படியே நின்றது, இரண்டு இழை அறுந்தன. இழுத்தால் திரும்பாத முடிக்கு எந்த மாஸ்க்கும் உயிர் கொடுக்காது. அதன்மேல் கலர் பூசுவது குப்பைக்குப் போகும் முடிக்குச் செலவு செய்வது.

ஆகவே முதல் வெட்டு 5 செ.மீ. முழு 8 செ.மீ.யையும் அன்றே எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கக் கூடாது. கலரிலுள்ள காரமும் பெராக்ஸைடும் முடியின் மேல்செதிலை மறுபடி திறக்கும். தாங்கும் நிலையில் இருந்த நுனிகளில் சில அதற்குப் பிறகுதான் உடையும். எவை உடையும் என்பது இன்று தெரியாது. இன்றே எல்லாவற்றையும் எடுத்துக் கோட்டைச் சீராக்கிவிட்டால், இரண்டு வாரத்தில் அந்தக் கோடு கிழிந்த துணி ஓரம் போல ஆகும், அப்போது வெட்ட அனுமதித்த நீளம் கையில் இருக்காது. மீதி 3 செ.மீ. அதற்கான சேமிப்பு.

சோதனைக்கு நனைந்த இடங்களைக் காயவைத்து, உலர்ந்த முடியில் வெட்டுங்கள். இவருக்கு லேசான அலை முடி. ஈரத்தில் 5 செ.மீ. வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொண்டு 7 செ.மீ. போனதாகத் தெரியும். ஈரமான நுனிகள் ஒட்டிக்கொள்வதால் எது பிய்ந்தது என்று கண்ணுக்கும் படாது. முடி வெட்ட மட்டுமே வைத்திருக்கும் கூரான கத்தரி வேண்டும். காகிதம் வெட்டிய கத்தரி முடியை நசுக்கி அறுக்கும், நசுங்கிய இடத்தில் அடுத்த மாதமே புதிய வெடிப்பு கிளம்பும். பிளீச் பட்ட முடியில் ரேஸரும் அடர்த்தி குறைக்கும் பல்கத்தரியும் தொட வேண்டாம். ரேஸர் நுனியைச் சாய்வாகச் சீவுகிறது, அந்த மெல்லிய முனைதான் முதலில் பிளக்கும்.

இந்த வெட்டில் அழகு தேவையில்லை. பின்பக்கம் ஒரே நேர்கோடு, முன்பக்கம் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து அதே கோட்டோடு இணைப்பது, அவ்வளவுதான். போன 5 செ.மீ.யால் பிளீச் பகுதிக்கு வேண்டிய கலரில் ஏறக்குறைய கால் பங்கும் மிச்சமானது.

கலர்: மூன்று முடிக்கும் மூன்று வேலை

பிளீச் பட்ட முடியில் பிரவுனை நேரடியாகப் பூசினால் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை ஓடும். பிரவுன் என்பது சிவப்பும் மஞ்சளும் நீலமும் சேர்ந்த நிறம். பிளீச் அந்த முடியின் சொந்தச் சிவப்பைத் தின்றுவிட்டது, மஞ்சள் மட்டும் மிச்சம். அதன்மேல் டப்பாவிலுள்ள நீலம் ஏறினால் பச்சைதான் கிடைக்கும். அதனால் இழந்த சிவப்பை முதலில் நிரப்ப வேண்டும். டெவலப்பர் என்னும் பெராக்ஸைடு கலவை சேர்க்காத செம்பு நிற செமி கலரை, மீதியிருக்கும் 15 செ.மீ.யில் மட்டும் பூசி 20 நிமிடம் விட்டு, கழுவாமல் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தாயிற்று. இந்தக் கட்டத்தில் நுனி ஆரஞ்சாகப் பளிச்சென்று தெரியும், வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பிறகு வேர். 4 என்ற எண்ணுள்ள இயற்கை பிரவுன் 40 கிராம், 6 சதவீத டெவலப்பர் 40 கிராம். நரை இருப்பதால் வகிட்டிலும் நெற்றியோரத்திலும் முதலில் வைத்து, மொத்தம் 35 நிமிடம். கலர் 3 செ.மீ. புதிய முடியில் மட்டும் உட்கார வேண்டும், பழைய டையின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் அங்கே ஒரு கறுப்பு வளையம் விழும்.

நுனிக்கு வேறு கிண்ணம். அம்மோனியா இல்லாத டெமி கலரில் 5 எண், அதாவது வேரைவிட ஒரு படி வெளிர், 30 கிராம். 3 சதவீத டெவலப்பர் 60 கிராம். ஏன் வெளிர் என்றால், குடிக்கிற நுனி எந்த நிறத்தையும் ஒரு படி கறுப்பாக்கித்தான் காட்டும். வேரில் வைத்து 22ஆவது நிமிடத்தில் நுனிக்குப் பூசி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு இழையை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்ததில் 12 நிமிடத்தில் வேரின் நிறத்தோடு ஒட்டிவிட்டது. நடுவிலிருக்கும் 29 செ.மீ. ஏற்கெனவே பிரவுன். அதற்குப் புதிதாக எதுவும் பூசவில்லை. அலசத் தொடங்கும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டு வேரிலிருக்கும் கலரையே நுரையாக்கி இரண்டு நிமிடம் நடுப்பகுதி வரை தடவினால், மங்கல் போய்ப் பளபளப்பு வரும்.

மருதாணி வைக்கிற தலையாக இருந்தால் இதற்கெல்லாம் முன்பு ஒரு சோதனை வேண்டும். கறுப்பு ஹென்னா என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்ஸைடோடு சேர்ந்தால் முடி சூடாகிப் பொசுங்கலாம். வெட்டி விழுந்த நுனியிலிருந்து ஒரு சிறு கொத்தை எடுத்து, கலந்த கலரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சூடானாலோ, குமிழ் விட்டாலோ, நாற்றமடித்தாலோ அந்தத் தலையில் கை வைக்க வேண்டாம். முதல் வெட்டு கலருக்கு முன்னால் நடப்பதில் இது ஒரு தனி வசதி: சோதிக்கத் தலையிலிருந்து புதிதாக முடி எடுக்க வேண்டியதில்லை.

அன்றே ஏன் முடித்துவிடக் கூடாது

கலர் முடிந்து அலசி, டப்பாவோடு வரும் கண்டிஷனர் போட்டு, பிளோ டிரை செய்ததும் நுனி பட்டுப்போல இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றால் எதற்கு என்று கேட்பார். அந்த நேரத்தில் நமக்கும் பதில் தெரியாது, ஏனென்றால் வெடிப்பு எதுவும் கண்ணில் படாது. அந்தக் கண்டிஷனரிலுள்ள சிலிக்கோன் பிளந்த முனைகளைச் சேர்த்து ஒட்டிவைத்திருக்கிறது, பிளோ டிரையின் சூடும் பிரஷ்ஷும் அவற்றை ஒரே திசையில் படியவைத்திருக்கின்றன. அந்தப் பளபளப்பைப் பார்த்து வெட்டினால், நல்ல இடம் போய்க் கெட்ட இடம் தங்கிவிடும்.

மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல், பிறகு வாரம் இரண்டு முறை வழக்கம்போலக் குளித்து வரச் சொல்லுங்கள். குளிக்கும் முன் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். மூன்றாவது நான்காவது குளியலில் சிலிக்கோன் போய்விடும், உடைய வேண்டியது உடைந்திருக்கும். இந்தத் தலைக்கு அது பன்னிரண்டாம் நாளில் வந்தது.

மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது. பிளந்த முனை அங்கேயே நிற்பதில்லை. சீப்பும் தலையணையும் துப்பட்டாவும் இழுக்க இழுக்கப் பிளவு மேல்நோக்கி ஏறும். 2 செ.மீ.யில் தீர வேண்டியது 4 செ.மீ. கேட்கும்.

பன்னிரண்டாம் நாள்: இரண்டாவது வெட்டு

அன்று காலை ஷாம்பு மட்டும், தானாகக் காய்ந்த முடி. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பின்பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலக் கொத்தை எடுத்து, நுனியை ஒரு வெள்ளை அட்டையின்மேல் விரித்தால் முதலில் தெரிவது முனை பிரிந்த இழைகள்: சில இரண்டாக, சில இறகு போலப் பலதாக. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. அட்டையை எடுத்துவிட்டு அதே கொத்தைக் கறுப்புத் துணியின்மேல் வைத்துப் பாருங்கள். அடர் பிரவுன் முடியில், முனையிலிருந்து ஒன்று ஒன்றரை செ.மீ. மேலே, கடுகில் கால்வாசிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பொடுகு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினால் போகாது. அந்த இடத்தில் மேல்செதில் உடைந்து, உள்ளே இருக்கும் நார் தூரிகை போல வெடித்து நிற்கிறது. இரண்டு விரலால் அந்த இழையை மடக்கினால் சரியாகப் புள்ளியில் முறியும். முனை இன்னும் பிளக்காமல் இருந்தாலும், அடுத்த சில குளியலில் முடி அறுந்து விழப்போவது அங்கேதான்.

கலருக்கு முன்பு இந்த முடி செம்பு மஞ்சளாக இருந்தபோது இந்தப் புள்ளிகளைப் பார்க்கவே முடியவில்லை. இருண்ட நிறம் ஏறிய பிறகுதான் அவை துலங்குகின்றன. கடைசி வெட்டைக் கலருக்குப் பின்னால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டும் இடம்: அந்தக் கொத்தில் கூட்டமாகத் தெரியும் புள்ளிகளில் மிக உயரத்தில் இருப்பதற்கு 1 செ.மீ. மேலே. இங்கே புள்ளிகள் 1.5 செ.மீ. வரை இருந்ததால் 2.5 செ.மீ. போனது. எங்கோ 10 செ.மீ. உயரத்தில் தனியாக ஒரு புள்ளி இருந்தால் அதற்காக முழுக் கோட்டையும் ஏற்ற வேண்டியதில்லை. அடிக்கோடு முடிந்ததும், ஒவ்வொரு கொத்தையும் லேசாக முறுக்கினால் அந்தத் தனி இழைகள் வெளியே குத்திட்டு நிற்கும், கத்தரியின் முனையால் அவற்றை மட்டும் கிள்ளிவிடலாம். இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரத்தில் செய்தால் நல்ல இழைகளும் நடுவில் அறுந்து, தலை முழுக்கச் சிலும்பி நிற்கும்.

வடிவம் இன்றுதான். கலர் காய்ந்து நிலைத்து, முடி தன் இயல்பான அலைக்குத் திரும்பியிருக்கிறது. யூ கட் கேட்டிருந்தார், நேர்கோட்டின் இரு ஓரங்களையும் வளைத்து ஏற்றியாயிற்று. பின்பக்கத்து நடு நீளத்தைத் தொடவில்லை. மொத்தம் போனது 7.5 செ.மீ., அனுமதித்த 8க்குள்.

ஒரே நிறமாகப் பூசும் தலைக்குத்தான் வடிவத்தைக் கடைசியில் வைக்கும் இந்த வரிசை. ஹைலைட்டோடு லேயர் கட் கேட்டால் லேயரை முதல் நாளே வெட்டியாக வேண்டும். வெளிர் இழைகள் எங்கே விழ வேண்டும் என்பதை லேயரின் முனைகள்தான் தீர்மானிக்கின்றன. ஹைலைட் போட்டுவிட்டு லேயர் வெட்டினால், காசு கொடுத்து வெளுத்த முனைகள் தரையில் கிடக்கும், தலையில் மிஞ்சுவது நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும் துண்டுக் கோடுகள். அங்கே இரண்டாவது வெட்டு முனையை அரை செ.மீ. கிள்ளுவதோடு நிற்க வேண்டும்.

மீதியை எப்போது எடுப்பது

பிளீச் பட்ட 20 செ.மீ.யில் 7.5 போய், 12.5 செ.மீ. இன்னும் தலையில் இருக்கிறது. இழுத்தால் திரும்புகிற முடிதான், ஆனாலும் அது என்றும் பலவீனமான முடி. வேர் டச்சப் 6 வாரத்துக்கு ஒருமுறை. அந்த இடைவெளியில் 1.7 செ.மீ. வளரும். இரண்டு டச்சப்புக்கு ஒரு வெட்டு என்றால் 12 வாரம், வளர்ச்சி சுமார் 3.5 செ.மீ. ஒவ்வொரு வெட்டிலும் 3 செ.மீ. எடுத்தால் ஐந்தாவது வெட்டில், அதாவது ஏறக்குறைய 14 மாதத்தில், பிளீச் முழுவதும் வெளியேறிவிடும். நீளம் குறையாது. வெட்டுக்கு வெட்டு அரை செ.மீ. கூடவே செய்யும்.

டச்சப்பில் கலர் வேரோடு நிற்கிற வரைதான் இந்தக் கணக்கு செல்லும். வீட்டில் பூசும்போது கிண்ணத்தில் மிச்சமிருக்கிறதே என்று நுனி வரை வழித்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. இந்தத் தலை இந்த நிலைக்கு வந்ததே அப்படித்தான். நுனி வெளுத்துத் தெரிந்தால், டெவலப்பர் இல்லாத கலர் மாஸ்க்கை மாதம் ஒருமுறை 10 நிமிடம் வைத்தால் போதும்.

நுனிக்குக் கலரே போகாத டச்சப் நாட்களில் 12 நாள் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றே வெட்டலாம், ஆனால் கலர் பூசுவதற்கு முன்பு, முடி உலர்ந்திருக்கும்போது. பூசி அலசிய பிறகு நுனி நனைந்து ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் கண்டிஷனர் வந்து புள்ளிகளை மறைத்துவிடும். 12 வாரக் கணக்குக்கு முன்பே கறுப்புத் துணியில் கூட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் அட்டவணையைப் பார்க்காமல் வெட்டிவிடுங்கள். கோடையில் வெயிலும் உப்புத்தண்ணீரும் சேரும்போது, இந்தத் தலைக்கு அது ஒன்பதாவது பத்தாவது வாரத்திலேயே வரக்கூடும்.